இங்கிலாந்து வரிப் பதிவில் என் இலக்கம் மாறிக் கிடக்கிறது: கொழும்பிலிருந்து எப்படி எழுதுவது?

கொட்டாஞ்சேனை சுதன் | 3 மார்ச் 2025

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடம் இங்கிலாந்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்துவிட்டு, போன ஒக்டோபர் 14ஆம் தேதி கொழும்புக்குத் திரும்பி வந்தேன். கடைசியாக வேலை செய்தது செப்டெம்பர் 30. வரும்போது கம்பனி, அதுவரை தந்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் P45 தந்தது. வருடத்தின் நடுவில் நாட்டை விட்டுப் போனால் பிடித்த வரி திரும்பக் கிடைக்கும் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னதால், டிசம்பரில் P85 படிவத்தை நிரப்பி P45இன் பகுதிகளையும் சேர்த்து இங்கிலாந்து வரித் திணைக்களத்துக்கு அனுப்பினேன்.

போன கிழமை பதில் வந்தது. ஏப்ரல் 2024க்குப் பிறகு என் பெயரில் சம்பளமோ வரியோ பதிவாகவில்லை என்கிறார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆறு சம்பளச் சிட்டையிலும் வரி பிடித்திருக்கிறது, பணம் வங்கிக்கும் வந்திருக்கிறது.

பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. என்னுடைய உண்மையான தேசிய காப்புறுதி இலக்கத்தில் நடுவில் 34 என்று வரும். ஏப்ரல் முதல் வந்த சிட்டைகளிலும் P45இலும் அது 43 ஆகியிருக்கிறது. அதற்கு முதல் வரி வருட முடிவில் கம்பனி தந்த P60இல் சரியாக இருக்கிறது. இப்போது யாருக்கு எழுதுவது, என்ன எழுதுவது? ஒன்லைன் கணக்கைத் திறக்கலாம் என்றால் குறியீடு என் பழைய இங்கிலாந்து சிம்முக்குப் போகிறது. அந்த சிம் இப்போது இல்லை.

---

மட்டக்குளி அன்ரன் | 3 மார்ச்

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு கவலை? உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குத் தேசிய அடையாள அட்டையோடு போங்கள், TIN இலக்கத்தைத் திருத்தித் தருவார்கள். எனக்கும் போன வருடம் நடைமுறைக் கணக்கு திறக்கப் போனபோது பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. போய்ச் சொன்னதும் மாற்றித் தந்தார்கள்.

---

கொட்டாஞ்சேனை சுதன் | 3 மார்ச்

அன்ரன் அண்ணா, நன்றி. ஆனால் இது எங்கள் நாட்டு TIN இல்லை. பிழை இங்கிலாந்துப் பதிவில் இருக்கிறது. இங்குள்ள திணைக்களம் அதைத் தொட முடியாது.

---

பம்பலப்பிட்டி நேசன் | 3 மார்ச்

நான் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். இங்கிலாந்தில் வரி இலக்கம் என்றால் UTR, பத்து இலக்கம் கொண்டது. காப்புறுதி இலக்கம் ஓய்வூதியத்துக்கானது. முதலில் UTR எடுங்கள். அதன் பிறகு சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக்கடதாசி முடித்து, "இந்த இரண்டு இலக்கமும் எனக்குரியவை" என்று உறுதி செய்து அனுப்புங்கள். காப்புறுதிக்குப் பிடித்த பணத்தையும் சேர்த்தே திரும்பக் கேட்கலாம்.

---

வெள்ளவத்தை ராஜி | 4 மார்ச்

சுதன், நான் இங்கிலாந்தில் சம்பளப் பட்டியல் செய்து கொடுக்கும் நிறுவனமொன்றில் பதினொரு வருடம் இருந்தேன். இந்தப் பிழையை எங்கள் பக்கத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேசன் சொன்னதில் பாதி சரி. UTR என்று ஒன்று உண்டு. சொந்தத் தொழில் செய்து தானே வரி விவரம் கொடுப்பவர்களுக்கு அது வேண்டும். சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்ட ஊழியரின் பதிவு நிற்பது காப்புறுதி இலக்கத்தில்தான், P85க்கும் அதுவே போதும். காப்புறுதிக்குப் பிடித்த பணம், நாட்டை விட்டு வந்துவிட்டோம் என்பதற்காகத் திரும்பக் கிடைக்காது. "இரண்டு இலக்கமும் எனக்குரியவை" என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். 43 உள்ள இலக்கம் வேறொருவருடையதாக இருக்கலாம். உங்களுடையது ஒன்றுதான், மற்றது பிழையாகத் தட்டப்பட்டது. அப்படித்தான் எழுத வேண்டும்.

இந்தப் பிழையை ஏன் யாரும் பிடிக்கவில்லை என்று நீங்கள் யோசிப்பீர்கள். அந்த இலக்கத்தின் அமைப்பு QQ 12 34 56 C மாதிரி இருக்கும்: இரண்டு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் A முதல் D வரை ஓர் எழுத்து. உள்ளே சரிபார்க்கும் இலக்கம் எதுவும் கிடையாது. 34ஐ 43 என்று தட்டினாலும் மென்பொருளுக்கு அது சரியான வடிவத்தில் உள்ள இலக்கம்தான். எச்சரிக்கை வராது.

ஆனாலும் இலக்கம் மட்டும் பிழைத்தால் பெரும்பாலும் பதிவு தொலைந்து போவதில்லை. அங்குள்ள வரித் திணைக்களத்தில் இலக்கத்தோடு பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிடுகிறார்கள். மற்ற இரண்டும் சரியாக இருந்தால் ஆளைக் கண்டுபிடித்து, சரியான இலக்கத்தைக் கம்பனிக்கே அறிவிப்பதும் உண்டு. உங்கள் விஷயத்தில் அது நடக்கவில்லை என்றால் இன்னொன்றும் பிழைத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு கேள்வி. ஏப்ரல் 2024இல் கம்பனி சம்பளப் பட்டியல் மென்பொருளை மாற்றியதா? P45இல் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது?

---

கொட்டாஞ்சேனை சுதன் | 4 மார்ச்

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன். ஆமாம், ஏப்ரலில் சிட்டையின் தோற்றமே மாறியது. ஊழியர் இலக்கமும் 0117இலிருந்து 42 ஆக மாறியிருக்கிறது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பாவின் பெயரும் மற்றப் பெயர் இடத்தில் என் பெயரும் இருக்கும். பழைய P60இலும் அப்படித்தான். ஆனால் P45இல் என் பெயர் குடும்பப் பெயராகவும் அப்பாவின் பெயர் முதற்பெயராகவும் திரும்பிக் கிடக்கிறது. பிறந்த தேதி சரி.

---

வெள்ளவத்தை ராஜி | 4 மார்ச்

அதுதான் விஷயம். பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு யாரோ கையால் தட்டி ஏற்றியிருக்கிறார்கள். இலக்கமும் புரண்டது, பெயரும் புரண்டது, ஊழியர் இலக்கமும் புதிதானது. அங்கே இருந்து பார்த்தால் 0117 என்ற சுதனுக்கு ஏப்ரலோடு சம்பளம் நின்றுவிட்டது. 42 என்ற யாரோ ஒருவர் அதே கம்பனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல அந்தப் பதிவில் எதுவும் இல்லை. நம் ஆட்களுக்கு இது அடிக்கடி நடக்கும். எந்தப் பெயர் எந்தக் கட்டத்துக்கு என்பது அங்கே தட்டுபவருக்கு விளங்குவதில்லை.

ஆகவே உங்கள் கடிதம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: இரண்டு பதிவுக்கும் நடுவில் பாலம் போடுவது. பலர் சரியான இலக்கத்தை மட்டும் எழுதி "இதுதான் என்னுடையது, திருத்துங்கள்" என்கிறார்கள். அதைப் பார்க்கும் அலுவலர் அந்த இலக்கத்தைத் தட்டுவார், அங்கே எதுவும் இருக்காது, முதலில் வந்த அதே பதில் மீண்டும் வரும். பிழையான இலக்கத்தையும் பிழையாகப் பதிந்த பெயரையும் அப்படியே கொடுத்தால்தான் அவரால் மற்றப் பதிவைத் தேடி எடுக்க முடியும்.

ஒரு பக்கத்துக்குள் ஆங்கிலத்தில் எழுதுங்கள். முதல் பத்தியில் நீங்கள் யார் என்பது வர வேண்டும்: கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, சரியான காப்புறுதி இலக்கம், இங்கிலாந்தில் கடைசியாக இருந்த முகவரி, இப்போதைய கொழும்பு முகவரி. பழைய முகவரியை விட வேண்டாம், ஆளை உறுதி செய்ய அவர்களிடம் இருப்பது அதுதான்.

இரண்டாம் பத்தியில் தொலைந்த பதிவு. கம்பனியின் பெயர், அதன் PAYE குறிப்பு இலக்கம் (P45இல் மூன்று இலக்கம், ஒரு சாய்கோடு, பிறகு எழுத்தும் இலக்கமும் கலந்து இருக்கும்), ஊழியர் இலக்கம் 42, அங்கே அச்சான பிழையான காப்புறுதி இலக்கம், அங்கே அச்சான பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மொத்தச் சம்பளம் எவ்வளவு, மொத்த வரி எவ்வளவு. அதே கம்பனியில் அதற்கு முன் 0117 என்ற இலக்கத்தில் இருந்தது நான்தான் என்ற வசனம் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவதில் என்ன வேண்டும் என்பது. அந்தச் சம்பளத்தையும் வரியையும் என் இலக்கத்துக்கு மாற்றுங்கள், அதன் பிறகு இந்தத் தேதியில் அனுப்பிய என் P85ஐ மறுபடி பாருங்கள். இதே வரிசையில் இருக்கட்டும். முதலாவது நடக்காமல் இரண்டாவதைப் பார்த்தால் மறுபடியும் ஒன்றும் இல்லை என்றுதான் வரும்.

P45இல் உள்ள தொகைகள் என்ன?

---

கொட்டாஞ்சேனை சுதன் | 5 மார்ச்

மொத்தச் சம்பளம் 11,700 பவுண், வரி 1,082 பவுண். மாதம் 1,950 வீதம் ஆறு மாதம். வரிக் குறியீடு 1257L.

---

வெள்ளவத்தை ராஜி | 5 மார்ச்

கணக்கு நேராக வருகிறது. வருடத்துக்கு 12,570 பவுண் வரை வரி இல்லை. ஆனால் அந்த விலக்கைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம்தான் தருவார்கள், மாதத்துக்கு 1,048 பவுண் அளவில். உங்களுக்கு மாதம் அதற்கு மேல் மிஞ்சிய 902 பவுண் அளவில் 20 வீதம், அதாவது 180 பவுண் சொச்சம் போயிருக்கிறது. ஏப்ரல் 6 முதல் ஒக்டோபர் 14 வரை அங்கே இருந்திருக்கிறீர்கள், 183 நாளைத் தாண்டிவிட்டது, ஆகவே முழு வருட விலக்கும் உங்களுக்கு உண்டு. அந்த வரி வருடத்தில் அங்கே வேறு வருமானம் இல்லை என்றால் 11,700 அந்த எல்லைக்குள் அடங்கும். 1,082உம் திரும்ப வர வேண்டும். காப்புறுதிக்கு மாதம் 72 பவுண் அளவில் போயிருக்கும், அது வராது.

அவசரமும் இல்லை. 2024–25 வரி வருடத்துக்கு 5 ஏப்ரல் 2029 வரை கேட்கலாம்.

---

பம்பலப்பிட்டி நேசன் | 5 மார்ச்

காப்புறுதி விஷயத்தில் நான் பிழை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிரதிகளைச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி அனுப்புவது நல்லது என்றே இன்னும் நினைக்கிறேன். வெளிநாட்டுக் கந்தோர் ஒன்று வெறும் பிரதியை ஏன் நம்ப வேண்டும்? இன்னொன்று, பிழை செய்தது கம்பனி. திருத்த வேண்டியதும் கம்பனிதான். ஊழியர் எழுதி என்ன நடக்கப் போகிறது?

---

வெள்ளவத்தை ராஜி | 5 மார்ச்

நேசன், உறுதிப்படுத்திய பிரதியால் கெடுதல் இல்லை. ஆனால் இந்த வேலையில் அவர்கள் நம்புவது முத்திரையை அல்ல. கம்பனி அனுப்பிய தொகையும் சிட்டையில் உள்ள தொகையும் சதம் பிசகாமல் பொருந்துவதைத்தான் பார்ப்பார்கள். அதனால் ஆறு சிட்டைகளும், சம்பளம் விழுந்த வங்கிக் கூற்றும், சரியான இலக்கம் உள்ள பழைய P60உம், கடவுச்சீட்டின் விவரப் பக்கமும் போதும். எல்லாம் பிரதிகள், மூலத்தை அனுப்ப வேண்டாம்.

கம்பனி பற்றிச் சொன்னது நியாயம். அவர்கள் திருத்தி அனுப்பினால் விரைவாக முடியும், ஆகவே சுதன் அவர்களுக்கும் மின்னஞ்சல் போட வேண்டும். ஆனால் "இலக்கத்தை மாற்றுங்கள்" என்று மட்டும் கேட்டால், அவர்கள் மாற்றும் வேகத்தில் புது ஊழியர் இலக்கம் ஒன்றையும் போட்டு மூன்றாவது பதிவு ஒன்றை உண்டாக்கிவிடுவார்கள். என் கண்ணால் கண்டிருக்கிறேன். 42ஐ அப்படியே வைத்துக்கொண்டு பெயரையும் காப்புறுதி இலக்கத்தையும் மட்டும் திருத்தும்படி எழுதுங்கள். இலக்கம் பிழையாகத் தட்டப்பட்டது என்று கம்பனித் தாளில் நாலு வசனம் எழுதித் தந்தால் அதையும் இணைத்து அனுப்பலாம். வராவிட்டால் காத்திருக்க வேண்டாம், உங்கள் கடிதம் போகட்டும்.

உறையில் எழுத வேண்டியது இது:

```
Pay As You Earn and Self Assessment
HM Revenue and Customs
BX9 1AS
United Kingdom
```

தெருப் பெயர் இல்லையே என்று பயப்பட வேண்டாம், அவ்வளவுதான் முகவரி. அதனாலேயே தனியார் கூரியரில் இந்த முகவரிக்குப் போகாது. கொழும்புப் பிரதான தபாலகத்தில் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

---

தெகிவளை பவா | 6 மார்ச்

இதை வாசிக்கும்போது என் அவுஸ்திரேலியக் கதை ஞாபகம் வந்தது. அங்கே TFN என்ற ஒன்பது இலக்கம். அதில் ராஜி சொன்ன சரிபார்ப்பு உள்ளேயே இருக்கிறது, பக்கத்துப் பக்கத்து இலக்கத்தைப் புரட்டினால் கணக்கு ஒத்துவராது, மென்பொருள் ஏற்காது. என் பிரச்சினை வேறு. படிக்கும் காலத்தில் ஒரு கடையில் வேலை. TFN வருவதற்கு முன்பே சேர்ந்ததால் 111 111 111 என்று போட்டார்கள். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு அப்படிப் போடுவது முறைதான், 28 நாள் அவகாசம். என் இலக்கம் வந்து கொடுத்த பிறகும் கடையில் மாற்றவில்லை. நாட்டுக்கு வந்து வரி விவரம் போட்டபோது அந்தக் கடையின் சம்பளம் என் பதிவில் இல்லவே இல்லை.

நானும் முதல் கடிதத்தில் என் TFNஐ மட்டும் எழுதி அனுப்பினேன், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் கடையின் வணிக இலக்கமான ABN, வேலை செய்த தேதிகள், 111 111 111 என்று அச்சான சிட்டைகள் எல்லாம் வைத்தேன். அதன் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். ஓய்வூதிய நிதிக்குப் போன பணம் மட்டும் இன்னும் இழுபடுகிறது.

---

வத்தளை ஷிபா | 6 மார்ச்

ராஜி அக்கா, எனக்கு இரண்டு கேள்வி. என் சிட்டைகளில் காப்புறுதி இலக்கத்தின் கடைசி எழுத்து இல்லை. அதுவும் பிழையா? மற்றது, நான் வேலை செய்த பராமரிப்புக் கம்பனி மூடிவிட்டது. மின்னஞ்சல் திரும்பி வருகிறது. P45 தரவே இல்லை.

---

வெள்ளவத்தை ராஜி | 6 மார்ச்

ஷிபா தங்கச்சி, கடைசி எழுத்து இல்லாததற்குக் கவலைப்பட வேண்டாம். ஆளைப் பிரித்துக் காட்டுவது முதல் எட்டும்தான்.

கம்பனி மூடியது கடினமான விஷயம். முதலில் Companies House தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள், இலவசம். கலைக்கப்படும் நிலையில் இருந்தால் அதற்குப் பொறுப்பானவரின் பெயரும் முகவரியும் அங்கேயே இருக்கும். சம்பளப் பதிவுகளை வரி வருடம் முடிந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே அவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. P45 இல்லை என்றால் அது ஏன் இல்லை என்பதைக் கடிதத்தில் எழுதிச் சிட்டைகளை அனுப்புங்கள். கம்பனி வரியைப் பிடித்துவிட்டு அறிவிக்கவே இல்லை என்றால் என்ன முடிவு வரும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சிட்டையும் வங்கிக் கூற்றும் பொருந்தியதால் ஏற்றுக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன், மாதக்கணக்கில் இழுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

---

கொட்டாஞ்சேனை சுதன் | 10 மார்ச்

இன்று காலை பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். அக்கா சொன்ன வரிசையில் எழுதி, பிழையான இலக்கத்தைச் சரியான இலக்கத்தின் நேர் கீழே வைத்தேன். புரண்ட 34உம் 43உம் பார்த்தவுடன் தெரிகிறது. பணம் எப்படி வரும் என்று மட்டும் தெரியவில்லை. அங்குள்ள வங்கிக் கணக்கை மூடிவிட்டேன்.

---

வெள்ளவத்தை ராஜி | 10 மார்ச்

கொழும்புக்குப் பவுண் காசோலை வந்தால் அதை மாற்றுவதே தனி வேலையாகிவிடும். P85இலேயே உங்கள் சார்பில் பணத்தைப் பெற இன்னொருவரை நியமிக்கும் பகுதி இருக்கிறது. முதலில் அதை நிரப்பவில்லை என்றால், நம்பிக்கையான உறவினர் ஒருவரின் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட்டு, முதற் கடிதத்தைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். தொலைபேசியிலும் கேட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து எடுக்கும் எண் +44 135 535 9022, இப்போது நம் நேரம் பிற்பகல் ஒன்றரைக்குத் திறப்பார்கள். உங்கள் பழைய முகவரியையும் கடைசி P60 தொகையையும் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள், அவற்றைக் கேட்பார்கள்.

---

கொட்டாஞ்சேனை சுதன் | 28 ஜூன் 2025

எல்லோருக்கும் ஒரு செய்தி. ஹரோவில் இருக்கும் மச்சானின் பெயரை நியமித்திருந்தேன். நேற்று எனக்குக் கடிதம் வந்தது. பதிவு இணைக்கப்பட்டுவிட்டது, 42 இப்போது என் இலக்கத்தில் நிற்கிறது. மச்சானுக்குக் காசோலையும் போயிருக்கிறது.

ஆனால் தொகை 901.60 பவுண். 1,082 இல்லை. கணக்குத் தாளில் சம்பளம் 9,750 என்று இருக்கிறது. கம்பனி இதுவரை பதில் போடவில்லை.

---

வெள்ளவத்தை ராஜி | 28 ஜூன்

9,750 என்றால் ஐந்து மாதம். செப்டெம்பர் சம்பளம் இன்னும் வந்து சேரவில்லை. குறைவதும் 180.40, ஒரு மாதத்து வரி. கடைசிச் சம்பளத்தை வேறொரு ஊழியர் இலக்கத்தில் அனுப்பியிருப்பார்கள் என்று சந்தேகிக்கிறேன், வேலை விட்டுப் போகிறவர்களுக்கு அப்படி நடப்பதுண்டு. செப்டெம்பர் சிட்டையில் ஊழியர் இலக்கம் 42தானா என்று பாருங்கள்.

காசோலையை மச்சான் மாற்றட்டும், அதனால் மிச்சத்தைக் கேட்கும் உரிமை போகாது.

---

கொட்டாஞ்சேனை சுதன் | 29 ஜூன்

பார்த்தேன் அக்கா. செப்டெம்பர் சிட்டையில் 42-1 என்று இருக்கிறது. இவ்வளவு நாளும் அந்தச் சின்னக் கோடு கண்ணில் படவில்லை. அந்த ஒரு சிட்டை, செப்டெம்பர் வங்கிக் கூற்று, P45, முந்தாநாள் வந்த கணக்குத் தாள் நான்கையும் வைத்து இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை தபாலகத்துக்குப் போகிறேன்.